அறுநூறாவது சுருட்டு

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் நான் பத்திரிகை வாசிப்பவனாக இருந்தேன். சுருட்டுச் சுற்றுகிறவனுக்குக் கையும் கண்ணும் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்காக ஒருவரை அமர்த்தி வைப்பது பல கொட்டில்களில் வழக்கமாக இருந்தது. எனக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல, சுற்றுகிற பன்னிரண்டு பேர். சனிக்கிழமைகளில் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கொடுப்பார்கள். முற்பகலில் பத்திரிகை, பிற்பகலில் தொடர்கதை. ஊர்ச் செய்திகளை எழுதிக் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்புவதும் அப்போது என் பழக்கம். பத்து அனுப்பினால் ஒன்று வரும், அதுவும் நான்கு வரியாகச் சுருங்கி வரும். இருபத்து மூன்று வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை அந்தப் பத்திரிகையின் நிரந்தர நிருபராவது.

கொட்டில் நீளமானது, பனையோலைக் கூரை. சுற்றுகிறவர்கள் இரண்டு வரிசையாகப் பாயில் இருந்து, மடியில் பலகையை வைத்து வேலை செய்வார்கள். உள்ளிலையை அளவாக அடுக்கி, நரம்பு நீக்கிய வெளியிலையைச் சரிவாக வெட்டிச் சுற்றி, நுனியைப் பசை தொட்டு முறுக்கி, அடியைக் கத்தியால் நறுக்கித் தட்டில் போடுவார்கள். பின்புறத்தில், கூரையைச் சாய்த்து இறக்கிய ஒரு பத்தி இருந்தது. அங்கே நாலைந்து பெண்கள் இலையில் நரம்பு கிழிப்பார்கள். கட்டிய சுருட்டுகள் பெட்டிகளில் ரயிலேறித் தெற்கே போகும்.

கூலி நூற்றுக்குப் பன்னிரண்டு சதம். பெரும்பாலானோர் நாளுக்கு ஐந்நூறு சுற்றுவார்கள், சிலர் ஐந்நூற்றறுபது வரை போவார்கள். நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது இடையில் நிறுத்தி, மந்திரி சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள், தங்களுக்குள் சண்டை பிடிப்பார்கள். அந்த நேரத்தில் கைகள் நின்றுவிடும். அதனால் குறைவது அவர்களுடைய கூலிதான் என்பதால் முதலாளி ஒன்றும் சொல்வதில்லை.

முதலாளிக்கு வயதானபோது மகன், சின்ன முதலாளி, பொறுப்புக்கு வந்தார். கொழும்பில் ஓர் ஆங்கிலக் கம்பெனியில் சில வருடங்கள் வேலை பார்த்தவர். நல்ல மனிதர், அதை நான் இன்றைக்கும் சொல்வேன். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் ஒருநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மேசையில் இருந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

“சுருட்டை எண்ணிக் கூலி குடுக்கிறதிலை ஒரு பிழை இருக்கு தம்பி. இலை சரியில்லாத நாளிலை ஆள் பட்டினி. இதிலை சொல்லியிருக்கிற முறையிலை நாட்கூலி நிச்சயம். என்ன நடந்தாலும் அறுபது சதம். அதுக்கு மேலை, ஒரு நாளைக்கு இவ்வளவு எண்டு ஒரு அளவு. அந்த அளவை முடிச்சால் கூலி தொண்ணூறு சதமாகும். அதுக்குப் பிறகு சுத்துறதுக்கும் அதே வீதம்தான்.”

“அளவை முடிக்காட்டில்?”

“அறுபது. குறையாது.”

“ஒண்டு குறைஞ்சாலும் அறுபதோ?”

“ஒண்டு குறைஞ்சாலும் அறுபதுதான். கோடு எங்கையாவது கிழிக்கத்தானே வேணும்.”

அந்த அளவை ஊகத்தில் வைக்கக் கூடாது, நேரம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. கொட்டிலில் நாள் முழுவதும் இருந்தும் சுற்றாத ஆள் நான் ஒருவன்தான். என் கண் நிதானமானது என்று அவர் நம்பினார். தன் சட்டைப்பைக் கடிகாரத்தை என்னிடம் தந்தார். மூன்று நாட்கள், ஒவ்வொருவரும் நூறு சுற்ற எத்தனை நிமிடம் எடுக்கிறார்கள் என்று நான் குறிக்க வேண்டும். எதற்கென்று முதலே சொன்னால் வேண்டுமென்று மெதுவாகச் சுற்றுவார்கள், ஆகையால் சொல்ல வேண்டாம் என்றார். அவர் நான் செய்தி அனுப்பும் கொழும்புப் பத்திரிகையின் ஆசிரியரோடு ஒன்றாகப் படித்தவர் என்பது எனக்குத் தெரியும். எனக்காக அந்த ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதித் தருவாரா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

மறுநாள் பத்திரிகை வாசித்து முடித்ததும் குறிப்பெழுதும் கொப்பியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு வரிசையின் நடுவில் இருந்தேன். பிறகு, எப்போதும் பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிற ஒருவர், கடைசிப் பாய்க்கு முந்திய பாய்க்காரர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“என்ன தம்பி, எங்களையும் பேப்பரிலை போடப்போறியளோ?”

எனக்கு அந்த வார்த்தை வசதியாக இருந்தது. “எழுதினால் பாப்பம்” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்த ஒரு சொல் கொட்டிலின் இரண்டு வரிசையிலும் ஓடிப் போனது. ஒருவர் சால்வையை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். இன்னொருவர், “என்ரை பேரைச் சரியா எழுதுங்கோ, போன முறை வாக்காளர் இடாப்பிலையும் பிழையாத்தான் போட்டவங்கள்” என்றார். பகிடிக்காரர், “மெதுவாச் சுத்தினால் கொக்குவிலுக்கே வெக்கக்கேடு” என்றார். அவர்கள் சுற்றிய வேகத்தை அதற்கு முன்பு நான் கண்டதில்லை. மூன்று நாட்களும் தேத்தண்ணியை இருந்த இடத்திலேயே குடித்தார்கள். நான் வாசிக்கும்போது ஒருவரும் குறுக்கே பேசவில்லை. பத்திரிகையில் வரப்போகும் மூன்று நாள் ஓட்டம் என்று நினைத்துத்தான் அவர்கள் ஓடினார்கள். நான் நூற்றுக்கு எத்தனை நிமிடம் என்று அரை நிமிடம்கூடப் பிசகாமல் குறித்தேன். கணக்குப் பார்த்தபோது நாளுக்கு அறுநூற்று நாற்பது வந்தது. சின்ன முதலாளி இரக்கப்பட்டு நாற்பதைக் கழித்துவிட்டார். அளவு அறுநூறு.

அடுத்த மாதம் முதல் நாள் புதிய முறையை அவர் கொட்டிலுக்கு நடுவில் நின்று விளக்கினார். பரிசோதித்துக் கழித்த சுருட்டு எண்ணிக்கையில் சேராது. முடித்தவர்களுக்குத் தொண்ணூறு சதம். வேலையை மேற்பார்த்து மாலையில் சுருட்டை எண்ணிப் பரிசோதிக்கிற கங்காணிக்கும் ஒரு பங்கு இருந்தது. அறுநூறை முடிக்கிற ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்கு மூன்று சதம். எல்லோரும் முடித்தால் ஆளுக்கு ஐந்து சதம். பின்தங்கினவனைத் திட்டாமல் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பங்கு என்றார். கங்காணி தலையாட்டினார். என் கொப்பி சின்ன முதலாளியின் கையில் இருந்ததை எல்லோரும் கண்டார்கள். ஆனாலும் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. பகிடிக்காரர் மட்டும், “அப்ப பேப்பருக்கு வேறை எழுதினியளோ?” என்று கேட்டார். நான் எழுதியிருக்கிறேன் என்றேன். அது பொய்தான்.

இரண்டு கிழமைக்குள் ஒன்பது பேர் அறுநூறைத் தொட்டார்கள். நாலாம் கிழமை முடிவில் பதினொரு பேர். கூலி முன்பைவிட உயர்ந்தது, அதை மறைப்பது நேர்மையல்ல. ஒருவர் வீட்டுக்கு ஓடு வாங்கினார். இன்னொருவர் ஈட்டில் இருந்த மனைவியின் சங்கிலியை மீட்டார். நான் வாசிக்கும்போது இப்போது ஒருவரும் குறுக்கே கேட்பதில்லை. மந்திரி என்ன சொன்னாலும் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. என்னைக் கேட்கிறார்களா என்று சோதிக்க ஒருநாள் ஒரே செய்தியை இரண்டு தரம் வாசித்தேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பன்னிரண்டாவது ஆள் கடைசிப் பாயில் இருந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பழைய நாளில் ஐந்நூற்றறுபது சுற்றுகிறவர், மற்றவர்களைவிடக் கூடத்தான். ஆனால் அவருக்கு ஒரே வேகம்தான் இருந்தது. வெளியிலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் வெட்ட மாட்டார். அவர் சுற்றியது ஒன்றுகூடக் கழிபட்டதில்லை. மூன்று நாள் ஓட்டத்திலும் அவர் மட்டும் தன் வழக்கமான நடையிலேயே இருந்தார். பேப்பரில் வருவதென்றால் உள்ளபடி வரட்டும் என்று அவர் சொன்னது என் கொப்பியில் இல்லை, என் நினைவில் இருக்கிறது. என் கொப்பியில் அவருடைய எண் சரியாகத்தான் இருந்தது. சராசரி எடுத்தபோது பதினொரு பேருடைய ஓட்டத்தில் அது அமிழ்ந்து போனது.

பழைய முறையில் அவருக்கு நாளுக்கு அறுபத்தேழு சதம் வந்தது. புதிய முறையில் அதே கையால் அதே ஐந்நூற்றறுபது சுற்றி அறுபது சதம். ஏழு சதம் சிறிது போலத் தெரியும். அவருடைய மூத்த மகள் ஒரு மிஷன் பெண்கள் பாடசாலையில் தங்கி ஆங்கிலம் படித்தாள். பாதிக் கட்டணத்தைப் பாடசாலை விட்டுக் கொடுத்திருந்தது. மற்றப் பாதி மாதம் ஒன்றே முக்கால் ரூபா. ஏழு சதத்தை வேலை நாட்களால் பெருக்கினால் அதுதான். அறுநூறை முடித்தால் அவள் ஆசிரியையாக வரும்வரை கவலையில்லை. முடிக்காவிட்டால் தவணை முடிவில் வீட்டுக்கு வர வேண்டும். இதை அவர் கொட்டிலில் யாரிடமும் ஒளிக்கவில்லை.

கங்காணி முதலில் உண்மையாகவே சொல்லிக் கொடுத்தார். மூன்று நாட்கள் அவருக்குப் பக்கத்தில் குந்தி இருந்தார்.

“இலையை ஏன் தூக்கிப் பாக்கிறீர்? நல்லதாத் தெரிஞ்செடுத்துத்தானே உள்ளுக்குக் குடுத்துவிடுகினம்.”

“ஓட்டை இருந்தால்?”

“இருந்தால் இருக்கட்டும். சுருட்டுக் குடிக்கிறவன் தெற்கிலை, காலி நகரத்திலை இருக்கிறான், உம்மட்டை வந்து கேக்கவே போறான்?”

அவர் இலையைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்தினார். எண்ணிக்கை ஐந்நூற்றெண்பதுக்கு ஏறியது. பிறகு ஐந்நூற்றுத் தொண்ணூறு. அங்கே கிடந்து ஒரு கிழமை இழுபட்டது. மாலையில் எண்ணும் நேரம் கொட்டில் முழுவதும் அந்தக் கடைசிப் பாயைத்தான் பார்க்கும். அவர் முடித்தால் கங்காணிக்கு அறுபது சதம், முடிக்காவிட்டால் முப்பத்து மூன்று. கங்காணியின் முகத்தில் அந்த இருபத்தேழு சதம் நாளுக்கு நாள் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் அறுநூற்று நாலு சுற்றினார். தட்டை எண்ணி முடித்ததும் பகிடிக்காரர் தொடையில் தட்டி, “இண்டைக்குத் தேத்தண்ணி உங்கடை கணக்கு” என்றார். கங்காணி ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். ஏழு கழிந்தது. மூன்றில் வெளியிலை ஓட்டை, நாலில் முறுக்கு அவிழ்ந்திருந்தது. அவருடைய கையில் கழிவு கண்டது அதுதான் முதல் தடவை. ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு.

பகிடிக்காரர் தன் தட்டில் அறுநூறுக்கு மேலிருந்த சுருட்டுகளில் மூன்றை எடுத்து, பாயோடு உரசிக் கடைசிப் பாய்ப் பக்கம் தள்ளினார். கங்காணி கூரையைப் பார்த்தார்.

“நான் அங்காலை திரும்பி நிக்கிறன். காத்து வருகுதோ எண்டு பாக்கிறன்” என்றார்.

கடைசிப் பாய்க்காரர் அந்த மூன்றையும் பார்த்தார். ஒவ்வொருவருடைய முறுக்கும் வேறு. பகிடிக்காரருடைய நுனி இடப்பக்கம் சாயும், எனக்கே அது தெரியும். சின்ன முதலாளி கட்டுவதற்கு முன் தட்டுகளை ஒருமுறை பார்ப்பார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

“எடு தம்பி” என்றார். “பிடிபட்டால் உன்ரை தொண்ணூறும் போகும்.”

“என்ரை போனால் நான் பாக்கிறன் அண்ணை. நாளைக்கு எனக்கு நீங்கள் தாங்கோவன்.”

“நாளைக்கு என்னட்டை எங்கை இருக்கப்போகுது?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மூன்றையும் திருப்பித் தள்ளிவிட்டு, பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.

மறுநாட் காலை சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டார். கொப்பி அவருக்கு முன்னால் விரித்திருந்தது. கங்காணி அவரிடம் பேசியிருக்க வேண்டும்.

“ஒரு ஆள் மட்டும் மிஞ்சிக் கிடக்கிறார். இந்த அளவிலை பிழையில்லையே தம்பி? நீங்கள் குறிச்ச மூண்டு நாளும் அவை வழமை போலைத்தானே சுத்தினவை?”

அவர் உண்மையை அறியத்தான் கேட்டார். அவருடைய புத்தகத்திலும், அளவு பிழையென்று கண்டால் திருத்த வேண்டும் என்றுதான் இருந்ததாம். இல்லை, அவர்கள் பேப்பரில் வருமென்று நினைத்து ஓடினார்கள், வழக்கமான நாளில் ஐந்நூற்றைம்பதுக்கு மேல் நியாயமில்லை என்று நான் சொல்லியிருந்தால் அவர் ஐம்பதைக் குறைத்திருப்பார் என்று நம்புகிறேன். கடைசிப் பாய்க்காரருக்கு அன்றிலிருந்து தொண்ணூறு சதம் கிடைத்திருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால், என் கண்ணும் கொப்பியும் நம்பத் தகாதவை என்று அதே வாயால் சொன்னதாகிவிடும். மேசையில், மைத்தாங்கிக்குப் பக்கத்தில், கொழும்பு ஆசிரியரின் விலாசம் எழுதிய உறை ஒன்று இருந்தது.

“ஓம், வழமை போலைத்தான்” என்றேன்.

“அப்ப அளவு சரி. ஆள்தான் அந்த வேலைக்குச் சரியில்லை” என்றார். அதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. ஒரு கூட்டல் சரிவந்தால் வரும் நிம்மதி இருந்தது.

திங்கட்கிழமை கடைசிப் பாய் சுருட்டி வைக்கப்பட்டது. அவரைப் பின்பத்திக்கு, பெண்களோடு நரம்பு கிழிக்க அனுப்பினார்கள். அங்கே நாற்பது சதம். வேறு கொட்டிலுக்குப் போயிருக்கலாம் என்று பின்னர் பலர் சொன்னார்கள். அந்த வருடம் தெற்கில் விற்பனை படுத்திருந்தது, மற்றக் கொட்டில்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நானே பத்திரிகையில் வாசித்திருக்கிறேன். அன்று மாலை பதினொரு பேரில் பதினொரு பேரும் அறுநூறை முடித்தார்கள். எல்லோரும் முடித்தபடியால் கங்காணிக்கு ஆளுக்கு ஐந்து சதம் வீதம் ஐம்பத்தைந்து சதம் கிடைத்தது. அவர் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். குடித்தார்கள்.

தவணை முடிந்து மகள் வீட்டுக்கு வந்தாள். அதைப் பற்றி எனக்கு அதற்கு மேல் தெரியாது.

உறை போனது, பதில் வந்தது. ஒரு நல்ல செய்தி எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். புதிய முறையைப் பற்றி எழுதுங்கள் என்றார் சின்ன முதலாளி. எழுதினேன். யாழ்ப்பாணத்தில் ஒரு சுருட்டுத் தொழிலகத்தில் விஞ்ஞான முறையில் கூலி வழங்கப்படுவதாகவும், குறித்த அளவை முடிப்போருக்கு ஒன்றரை மடங்கு கூலி கிடைப்பதாகவும், இன்று அங்கு சுற்றுவோர் அனைவரும் அந்த அளவை நாள்தோறும் முடிப்பதாகவும் எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் நிறுத்துப் பார்க்கத் தக்கது. முப்பது வரி வந்தது, ஒரு வரியும் வெட்டப்படவில்லை.

பத்திரிகை வந்த அன்று அதை வாசிக்காமல் விட முடியாது. அவர்கள் எனக்குக் காசு தருவது பத்திரிகையை முழுவதும் வாசிக்கத்தான். வாசித்தேன். கைகள் நிற்கவில்லை. முடிந்ததும் பகிடிக்காரர் கேட்டார்.

“அனைவரும் எண்டோ போட்டிருக்கு?”

“ஓம்.”

“சரி. அடுத்ததை வாசியுங்கோ.”

அடுத்தது மழை பற்றிய செய்தி. அதையும் வாசித்துவிட்டு, பிற்பகல் இடைவேளையில் பின்பத்திக்குப் போனேன். பத்திரிகையைக் கையில் கொண்டு போனேன், ஏன் என்று தெரியவில்லை. அவர் வாசலோரம் சம்மணமிட்டு, இலையை விரித்து நடுநரம்பை இழுத்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பகிடிக்காரர் யாரோடோ பேசியது சொல்லுக்குச் சொல் கேட்டது. கொட்டிலில் வாசிப்பது அந்தச் சுவருக்கு இப்பால் தெளிவாகக் கேட்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அண்ணை, அந்த மூண்டு நாளும்...” என்று தொடங்கினேன்.

“கேட்டனான். நல்லா எழுதியிருக்கிறியள்” என்றார். “உள்ளதைத்தானே போட்டிருக்கு. சுத்துற ஆக்கள் எல்லாரும் முடிக்கினம்தானே. நான் இப்ப சுத்துற ஆள் இல்லையே.”

அவர் குரலில் குத்தல் இருந்ததா என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். இருந்ததாக நினைத்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. பத்திரிகையை மடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் ஒரு இலையை எடுத்து, பழைய பழக்கத்தில் வாசல் பக்கம் உயர்த்திப் பிடித்தார்.

“வெளிச்சத்தை மறைக்கிறியள் தம்பி” என்றார். “கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”

தள்ளி நின்றேன்.